பேட்டரி லேபிளும் சார்ஜர் லேபிளும் போட்டோவாக இருந்தால் சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்ஜர்ல ஏகப்பட்ட நம்பர் இருக்கு. எதைப் பார்க்கணும்?

`OUTPUT` என்று தொடங்கும் வரியை மட்டும் பாருங்கள். அதற்கு மேலே `INPUT: 100-240V~ 50/60Hz 0.5A` என்று ஒரு வரி இருக்கும். அது சுவர் பிளக்கிலிருந்து சார்ஜர் வாங்கிக்கொள்ளும் மின்சாரம், போனுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்த `0.5A` கண்ணில் பட்டதும் "இது அரை ஆம்பியர் சார்ஜர்தான்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

போட்டோவில் `INPUT`, `OUTPUT` என்ற சொற்கள் மங்கியிருந்தாலும் குறியை வைத்துப் பிரித்துவிடலாம். வோல்ட்டுக்குப் பக்கத்தில் அலை மாதிரி `~` இருந்தால் அது வீட்டு மின்சாரம். ஒரு நேர்கோடும் அதன்கீழ் மூன்று துண்டுக் கோடுகளுமாக `⎓` இருந்தால் அது போனுக்குப் போவது. அந்த வரியில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். `9V⎓2A` என்றால் 18 வாட். சார்ஜர் பக்கம் நமக்கு வேண்டியது இந்த ஒரே எண்.

பேட்டரி பக்கம் எந்த நம்பர்? mAh தானே?

அதற்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் `Wh`, அதாவது வாட் அவர், என்று இன்னொரு எண் இருக்கும், அதை எடுங்கள். பேட்டரியில் எவ்வளவு ஆற்றல் பிடிக்கும் என்பதை நேரடியாகச் சொல்வது அதுதான். `5000mAh 3.87V 19.35Wh` என்று இருந்தால் நமக்குத் தேவை 19.35.

பல பேட்டரிகளில் இரண்டு ஜோடி எண்கள் அச்சாகியிருக்கும்: `4900mAh/18.96Wh (Rated)` என்று ஒன்று, `5000mAh/19.35Wh (Typ)` என்று இன்னொன்று. முதலாவது தயாரிப்பாளர் உறுதி தரும் குறைந்தபட்சம், இரண்டாவது சராசரியாகக் கிடைப்பது. வித்தியாசம் 2 சதவீதம்தான். நேரக் கணக்கில் எதை எடுத்தாலும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் மாறாது.

5000-ஐ 2000-ஆல வகுத்தா 2.5 மணி நேரம். இது போதாதா?

போதாது. ஏன் என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. `5V⎓2A` சார்ஜரையும் `9V⎓2A` சார்ஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் 2 ஆம்பியர். வகுத்தால் இரண்டுக்கும் 2.5 மணி நேரம்தான் வரும். ஆனால் ஒன்று 10 வாட், மற்றது 18 வாட். இரண்டாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆற்றலைத் தருகிறது. அந்த வித்தியாசம் வகுத்தலில் காணாமல் போய்விடுகிறது.

காரணம், சார்ஜர் தரும் 2 ஆம்பியர் பேட்டரிக்குள் அப்படியே போவதில்லை. போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் 9 வோல்ட்டை வாங்கி, பேட்டரிக்கு ஏற்ற 4 வோல்ட் அளவுக்கு இறக்குகிறது. வோல்ட் இறங்கும்போது ஆம்பியர் ஏறும். அதனால் கேபிளில் 2 ஆம்பியர் ஓடும்போது பேட்டரிக்குள் ஏறத்தாழ 4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். பழைய `5V⎓2A` சார்ஜரிலும் இதே இறக்கம் உண்டு. அங்கே கூடும் ஆம்பியரும் வழியில் வீணாவதும் ஏறக்குறைய ஈடாகிவிடுவதால் வகுத்தல் கணக்கு தற்செயலாக உண்மைக்குப் பக்கத்தில் வந்தது. அந்தப் பழக்கம்தான் இன்றைய சார்ஜர்களில் ஏமாற்றுகிறது.

அப்போ சரியான கணக்கு எது? ஒண்ணு போட்டுக் காட்டுங்க.

19.35 வாட் அவர் பேட்டரி, 18 வாட் சார்ஜர், போன் முழுக்க இறங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் சார்ஜரின் வாட்டை 0.75-ஆல் பெருக்குங்கள். 18 × 0.75 = 13.5. கேபிளிலும் சார்ஜிங் சிப்பிலும் சூடாகப் போவது, போன் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்வது, சார்ஜர் எல்லா நேரமும் முழு வேகத்தில் ஓடாதது என எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 0.75. பேட்டரிக்குள் சராசரியாக இறங்குவது 13.5 வாட்.

அடுத்து 80 சதவீதம் வரை ஏறும் நேரம். 19.35-இல் 80 சதவீதம் 15.5 வாட் அவர். அதை 13.5-ஆல் வகுத்தால் 1.15 மணி நேரம், அதாவது 69 நிமிடம். கடைசி 20 சதவீதத்துக்கு இதில் பாதியைச் சேருங்கள்: 35 நிமிடம். மொத்தம் 104 நிமிடம், ஒன்றே முக்கால் மணி நேரம்.

```
80% வரை மணி நேரம் = Wh × 0.8 ÷ (W × 0.75)
மொத்த மணி நேரம் = 80% வரை மணி நேரம் × 1.5
```

இது கைக்கணக்கு. பத்து, பதினைந்து நிமிடம் இப்படி அப்படி வரும். ஆனால் "ஒன்றே முக்காலா, மூன்றா" என்ற கேள்விக்கு நம்பிப் பதில் சொல்லும்.

கடைசி 20%-க்கு மட்டும் ஏன் அவ்வளவு நேரம்?

லித்தியம் பேட்டரி இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டத்தில் சிப் ஒரு நிலையான மின்னோட்டத்தை உள்ளே தள்ளும், பேட்டரியின் வோல்ட் மெதுவாக உயர்ந்துகொண்டே வரும். அது உச்ச வரம்பைத் தொட்டதும் (இன்றைய போன்களில் சுமார் 4.4 அல்லது 4.5 வோல்ட்) அதற்கு மேல் விடக்கூடாது. எனவே வோல்ட்டை அங்கேயே பிடித்து நிறுத்தி, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. 95-இலிருந்து 100-க்குப் போகும்போது உள்ளே ஓடுவது தொடக்கத்தில் ஓடியதில் சிறு பங்குதான்.

அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய சார்ஜர் மாட்டியிருந்தாலும் பயனில்லை. கேட்கும் அளவைத் தீர்மானிப்பது பேட்டரி. அவசரத்துக்கு வெளியே கிளம்புகிறவர்கள் 80-இல் கழற்றிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சம்.

எங்க வீட்ல பழைய 5V 2A சார்ஜர்தான். அதுக்கும் இதே கணக்கா?

0.75 அதேதான், பாதி சேர்ப்பது மட்டும் வேண்டாம். 10 வாட் போல மெதுவாக ஏற்றும்போது பேட்டரி உச்ச வோல்ட்டைத் தொடுவதற்கே 90 சதவீதம் பக்கம் வந்துவிடும். அதனால் இழுத்தடிக்கும் பகுதி சிறியது. முழு வாட் அவரையும் நேராக வகுத்து, கடைசியில் 15 நிமிடம் சேர்த்தால் போதும்.

19.35-ஐ 7.5-ஆல் வகுத்தால் 2.58 மணி, அதாவது 155 நிமிடம். பதினைந்து சேர்த்தால் 170. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் குறைவு. இரவு படுக்கும்போது மாட்டுகிறவருக்கு இதில் ஒரு குறையும் இல்லை, பேட்டரி சூடாகாமல் ஏறுவதும் நல்லதுதான்.

67W சார்ஜர் வாங்கினேன். அரை மணியில ஏறும்னு பார்த்தா ரெண்டு மணி ஆகுது. சார்ஜர் போலியா?

போலியாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் போனைப் பாருங்கள். சார்ஜர் லேபிளில் இருப்பது அதனால் தர முடிந்த உச்சம். எவ்வளவு வாங்குவது என்பதைப் போன் சொல்கிறது. போனின் உச்சம் 18 வாட் என்றால் 67 வாட் சார்ஜரிலும் 18-தான் எடுக்கும். போன் பெட்டியிலோ தயாரிப்பாளரின் விவரப் பக்கத்திலோ அந்த எண் இருக்கும். சார்ஜர், போன், இரண்டில் எது சிறியதோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது மொழி ஒத்துப்போவது. பெரிய வாட் சார்ஜர்கள் பலவும் தங்கள் நிறுவனப் போனோடு மட்டும் பேசும் தனி முறையில்தான் முழு வேகத்தைத் தரும். லேபிளில் `5V⎓3A`, `9V⎓3A`, `11V⎓6.1A` என்று மூன்று இருந்தால், 67 வாட் தருவது கடைசி வரி மட்டும். வேறு நிறுவனப் போனை மாட்டினால் அந்த வரி கிடைக்காமல் 27 வாட்டுக்கோ 15 வாட்டுக்கோ இறங்கலாம். பொதுவான முறை எதுவுமே ஒத்துப்போகவில்லை என்றால் 10 வாட்டிலோ அதற்கும் கீழேயோ நின்றுவிடும்.

எல்லாம் பொருந்தினாலும், 30 வாட்டுக்கு மேல் போனால் மேலே போட்ட கணக்கு கொஞ்சம் ஆசை காட்டும். 67-க்குப் போட்டால் 28 நிமிடம் வருகிறது. ஆனால் அந்த வேகம் சில நிமிடங்களுக்குத்தான், பேட்டரி சூடேறியதும் போன் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். வந்த விடையை மறுபடியும் ஒன்றரையால் பெருக்கி, 40 நிமிடம் சுற்றுவட்டாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

OUTPUT-ல நாலஞ்சு வரி இருக்கு, PDO, PPS-னு வேற போட்டிருக்கு. எதைப் பெருக்குறது?

ஒவ்வொரு வரியும் சார்ஜர் தரத் தயாராக இருக்கும் ஒரு வாய்ப்பு. போன் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஒரே நேரத்தில் எல்லாம் கிடைக்காது, கூட்டவும் கூடாது. 25 வாட் சார்ஜர் ஒன்றின் லேபிள் இப்படி இருக்கும்:

```
PDO: 9.0V⎓2.77A or 5.0V⎓3.0A
PPS: 3.3-5.9V⎓3.0A or 3.3-11.0V⎓2.25A
```

`PDO` என்பது வோல்ட் நிலையாக இருக்கும் வரி, அதில் 9 × 2.77 = 25 வாட். `PPS` வரியில் வோல்ட் ஒரு வீச்சாகத் தரப்பட்டிருக்கிறது. அதன் மேல் எல்லையைப் பெருக்குங்கள்: 11 × 2.25, இதுவும் 25-தான். கீழ் எல்லையான 3.3-ஐப் பெருக்கி "7 வாட் சார்ஜர்" என்று தள்ளிவிட வேண்டாம். போனுக்கு `PPS` தெரியுமென்றால் வோல்ட்டை நொடிக்கு நொடி தனக்கு ஏற்றபடி கேட்டு வாங்கிக்கொள்ளும், அதனால் போனுக்குள் வீணாகும் சூடு குறையும்.

இரண்டு போர்ட் உள்ள சார்ஜரில் ஒரு எச்சரிக்கை. `USB-C: 20W` என்று பெரிதாக இருக்கும் வரி, அந்த ஒரு போர்ட்டில் மட்டும் மாட்டும்போது கிடைப்பது. `Total` என்றோ `USB-C + USB-A: 5V⎓3A` என்றோ கீழே ஒரு வரி இருந்தால், இரண்டு போனை மாட்டியதும் 15 வாட்டை இருவரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

பேட்டரில Wh போடல, mAh மட்டும்தான் இருக்கு. இல்லேன்னா பேட்டரியே தெரியல, மூடியிருக்கு.

mAh மட்டும் இருந்தால் 1000-ஆல் வகுத்து 3.87-ஆல் பெருக்குங்கள். அண்மைக்கால ஸ்மார்ட்போன் பேட்டரிகளின் சராசரி வோல்ட் 3.85 முதல் 3.9 வரை இருக்கும், எனவே தவறு ஒரு சதவீதத்துக்குள்தான். பட்டன் போன்களிலும் பழைய பேட்டரிகளிலும் 3.7 போட வேண்டும். 1000 mAh பட்டன் போன் பேட்டரி என்றால் 3.7 வாட் அவர்.

பின்மூடி திறக்காத போன் என்றால் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். பெட்டியும் இல்லையென்றால் அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்தில் மாடல் எண் இருக்கும், பல போன்களில் பேட்டரி அளவும் அங்கேயே இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும். லேபிளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒட்டிய மூடியை நெம்பித் திறக்காதீர்கள். கத்தி முனை பேட்டரியைக் குத்திவிட்டால் தீப்பிடிக்கலாம்.

பேட்டரில 3.87V-னும் இருக்கு, 4.45V-னும் இருக்கு. எதை எடுக்குறது?

3.87. அது பேட்டரி முழுக்க நிறைந்திருக்கும்போதும் காலியாகும்போதும் உள்ள வோல்ட்டுகளுக்கு நடுவே வரும் சராசரி. 4.45 என்பது, கடைசி 20 சதவீதம் பற்றிச் சொன்ன பதிலில் வந்த உச்ச வரம்பு. `Limited Charge Voltage` என்று பக்கத்தில் இருக்கும். அதைப் பெருக்கினால் பேட்டரி இருப்பதைவிட 15 சதவீதம் பெரிதாகத் தெரியும்.

ஒரு போட்டோல 2500mAh-னு இருக்கு. ஆனா போன் பெட்டில 5000. யார் பொய் சொல்றா?

இருவருமே இல்லை. பக்கத்தில் உள்ள வோல்ட்டைப் பாருங்கள், `7.74V` என்று இருக்கும். வேகமாகச் சார்ஜ் ஆகும் சில போன்களில் 2500 mAh கொண்ட இரண்டு செல்களைத் தொடராகக் கோத்திருப்பார்கள். தொடராகக் கோத்தால் வோல்ட் இரட்டிக்கும், mAh அப்படியே இருக்கும். 2.5 × 7.74 = 19.35. 5 × 3.87-உம் 19.35. ஆற்றல் ஒன்றே. mAh-ஐ விட்டு Wh-ஐப் பிடிக்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

லேபிள் எழுத்து வெள்ளையில சாம்பல் கலர், போட்டோல ஒண்ணுமே தெரியல. எப்படி எடுக்கணும்?

நேராகப் பிளாஷ் அடித்தால் பளபளப்பான பிளாஸ்டிக்கில் வெளிச்சம் திரும்பி அடித்து எழுத்தே மறைந்துவிடும். பிளாஷை அணைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். அச்சு லேசாகப் பள்ளமாகவோ மேடாகவோ இருந்தால் நிழல் விழுந்து துலங்கும். கேமராவை ஒட்ட வைக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். மிகவும் கிட்டே போனால் பல போன்களில் ஃபோகஸ் விழாது. பக்கத்து அறையிலோ ஊரிலோ இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பினால் படம் சுருங்காது. சாதாரணமாக அனுப்பினால் சின்ன எழுத்துதான் முதலில் சிதையும்.

படத்தில் முதலில் தொலைவது தசமப் புள்ளி. `1.67A` என்பது `167A` ஆகிவிடும், `2.0A` என்பது `20A` ஆகிவிடும். அடுத்து 3, 5, 6, 8 ஆகியவை ஒன்றுக்கொன்று மாறும். படித்த எண்ணை அப்படியே நம்பாமல் பெருக்கிப் பாருங்கள். 9 × 1.67 = 15, இது சார்ஜர்களில் வழக்கமான அளவு. 9 × 167 என்றால் 1503 வாட், அது இஸ்திரிப் பெட்டி எடுக்கும் அளவு. லேபிளிலேயே `15.0W` என்று தனியாக அச்சிட்டிருந்தால் இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம். பேட்டரிக்கும் இதே சோதனைதான்: mAh, வோல்ட், Wh மூன்றில் இரண்டு தெளிவாக இருந்தால் மங்கிய மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம். `5?00mAh 3.87V 19.35Wh` என்று ஒரு இலக்கம் அழிந்திருக்கிறதா? 19.35-ஐ 3.87-ஆல் வகுத்தால் 5, ஆக அழிந்தது சுழியம்.

முழுசா வேண்டாம். 30-ல இருந்து 80 வரைக்கும் எவ்வளவு நேரம்?

இதுதான் எளிதான கணக்கு, கடைசி இழுவை இதில் வருவதில்லை. 50 சதவீதம் என்றால் 9.7 வாட் அவர். 18 வாட் சார்ஜரில் 13.5-ஆல் வகுக்க 0.72 மணி, 43 நிமிடம். 10 வாட் சார்ஜரில் 7.5-ஆல் வகுக்க 77 நிமிடம்.

கேபிள் மாத்தினா நேரம் மாறுமா? லேபிள்ல கேபிள் பத்தி ஒண்ணும் இல்லையே.

மாறும், போட்டோவால் பிடிக்க முடியாத விஷயம் இது. மெல்லிய, நீளமான கேபிளில் செம்பு குறைவு, மின்தடை அதிகம். போகவர கால் ஓம் தடை உள்ள கேபிளில் 2 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். சார்ஜர் தரும் 5 வோல்ட்டில் அரை வோல்ட் என்றால் பத்தில் ஒரு பங்கு. வோல்ட் தொய்வதைப் பார்த்ததும் போன் தானாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும், அதனால் நட்டம் பத்தில் ஒன்றோடு நிற்காது. இதே கேபிளில் 9 வோல்ட் சார்ஜர் அவ்வளவு தடுமாறாது, அரை வோல்ட் அங்கே பதினெட்டில் ஒரு பங்குதான்.

இரண்டு முனையும் சி டைப் ஆக உள்ள சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கேபிளுக்குள்ளேயே அடையாளச் சிப் இருக்க வேண்டும். `11V⎓6.1A` போன்ற சார்ஜர்கள் கூடவே வரும் கேபிளைத் தொலைத்துவிட்டால் வேகமும் கூடவே தொலைவது இதனால்தான்.

சார்ஜ் போட்டுக்கிட்டே கேம் ஆடினா?

திரை எரிவதற்கு ஒன்றிரண்டு வாட், கேம் ஓடினால் நான்கைந்து வாட் வரை போகும். அது பேட்டரிக்குப் போக வேண்டியதிலிருந்து கழியும். 10 வாட் சார்ஜரில் உள்ளே போவதே 7.5. கேம் 4 வாட் எடுத்தால் மிச்சம் 3.5, நேரம் இரண்டு மடங்கைத் தாண்டும். 18 வாட்டில் 13.5 போக 9.5 மிஞ்சும், அங்கே அவ்வளவு தெரியாது.

சூடு இதைவிடப் பெரிய தடை. லித்தியம் பேட்டரியை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான வரம்பு, போன்கள் அதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். மே மாத மதியம், ஓட்டு வீட்டில் அறை வெப்பமே 38 என்றால் போனுக்குச் சூடேற இடமே இல்லை. தடித்த கவரைக் கழற்றி, மெத்தையிலிருந்து எடுத்து, ஃபேன் காற்று படும் தரையில் வையுங்கள். கணக்கு மறுபடியும் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

மூணு வருஷப் போன். இப்பல்லாம் முன்னவிட சீக்கிரம் 100 ஆகிடுது. நல்லதுதானே?

நல்லதல்ல. பேட்டரியின் கொள்ளளவு சுருங்கியிருக்கிறது. 5000 என்று லேபிளில் இருந்தாலும் உள்ளே பிடிப்பது 4000 ஆகியிருந்தால், 19.35 வாட் அவர் 15.5 ஆகிவிட்டது. அந்தச் சிறிய அளவின் 100 சதவீதத்தைத்தான் திரை காட்டுகிறது. சீக்கிரம் நிறைகிறது, சீக்கிரம் காலியாகவும் ஆகிறது. பழைய பேட்டரியின் உள்தடை கூடியிருப்பதால் உச்ச வோல்ட்டை முன்கூட்டியே தொட்டுவிடும். அதனால் 80 வரை விறுவிறுவென்று போய், அதற்குப் பிறகு புதிதில் ஆனதைவிட நீண்ட நேரம் இழுக்கும். அமைப்புகளில் பேட்டரி ஆரோக்கியம் என்று ஒரு சதவீதம் காட்டும் போன் என்றால், லேபிள் எண்ணை அதனால் பெருக்கிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

பவர் பேங்க்ல 10000mAh போட்டிருக்கு. 5000 போனுக்கு ரெண்டு தடவை வரணுமே?

ஒரு தடவை முழுதாகவும் அதற்கு மேல் கொஞ்சமும் வரும். 10000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவு, 3.7 வோல்ட்டில். லேபிளில் `Rated Capacity` என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், உதாரணமாக `5800mAh 5V`. வெளியே வருவது அதுதான்: 5.8 × 5 = 29 வாட் அவர். போனுக்குள் ஏறும்போது நமது 0.75-ஐப் போட்டால் சுமார் 22. போன் பேட்டரி 19.35. அவ்வளவுதான் கணக்கு. நேரத்துக்கு, பவர் பேங்கின் `OUTPUT` வரியைச் சார்ஜர் லேபிள் போலவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குல ஒண்ணேமுக்கால் மணி வருது, நிஜத்துல மூணு மணிக்கு மேல ஆகுது. தப்பு எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்குறது?

முழு சார்ஜையும் அளக்க வேண்டாம். திரையை அணைத்துவிட்டு, 30-இலிருந்து 50 சதவீதத்துக்குப் போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் பேட்டரி எதையும் தடுப்பதில்லை, சார்ஜரும் கேபிளும் தங்கள் உண்மையைச் சொல்லிவிடும். நமது 19.35 வாட் அவர் பேட்டரிக்கு இந்த 20 சதவீதம் 3.87 வாட் அவர்.

17 நிமிடம் பக்கம் வந்தால் 18 வாட் ஒழுங்காகக் கிடைக்கிறது. தாமதம் 80-க்கு மேலேதான். சூடு, பழைய பேட்டரி, இல்லையென்றால் இரவில் 80-இல் நிறுத்தி விடியும்போது முடிக்கும் பாதுகாப்பு அமைப்பு, இவற்றில் ஒன்று. 30 நிமிடம் பக்கம் வந்தால் போனும் சார்ஜரும் 9 வோல்ட்டுக்கு ஒத்துப்போகாமல் `5V⎓2A` அளவில், 10 வாட்டில் நிற்கின்றன. ஒரு மணி நேரம் ஆனால் 5 வாட்தான் வருகிறது. அப்போது முதலில் கேபிளை மாற்றி அதே 30–50 சோதனையைச் செய்யுங்கள், நேரம் இறங்கினால் குற்றவாளி கேபிள். இறங்காவிட்டால் போனின் சார்ஜிங் துளையில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பார்த்து, போனை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெல்ல எடுங்கள். அதற்கும் மாறவில்லையென்றால், அதே அளவு லேபிள் உள்ள வேறொரு சார்ஜரை மாட்டிப் பாருங்கள். இரண்டாவது சார்ஜரில் 17 நிமிடத்தில் முடிந்தால், முதல் சார்ஜரின் லேபிளில் இருக்கும் வாட் அதனுள்ளே இல்லை.